எந்தப் பேப்பர், எந்தத் தேதி, எத்தனையாவது பக்கம்?

ஜூலை 10 நெருங்கினால் வேலூர்க்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் பழைய ஆங்கிலப் பேப்பர் கட்டிங் ஒன்றாவது சுற்ற ஆரம்பித்துவிடும். மக்கான் பக்கம் உள்ள நினைவுத் தூணின் படம், அதற்குக் கீழே மஞ்சளேறிய ஒரு துண்டு, "1806 சிப்பாய்ப் புரட்சி பற்றி அன்றைய பேப்பரில் வந்தது" என்று ஒரு வரி. எந்தப் பேப்பர் என்று கேட்டால் பதில் வராது. அனுப்பியவர் தனக்கு அனுப்பியவரைக் கைகாட்டுவார். கட்டிங் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனாலும் அதைக் கல்லூரி ஆய்வேட்டிலோ, ஊர் வரலாறு எழுதும் புத்தகத்திலோ வைக்க முடியாது. படிக்கிறவர் சந்தேகப்பட்டால் அசலைப் போய்ப் பார்க்க ஒரு வழியும் அதில் இல்லை.

அந்த வழியைக் கொடுப்பதுதான் மேற்கோள் குறிப்பு. இதழின் பெயர், பதிப்பு, தேதி, பக்கம் ஆகிய நான்கும் அதன் உயிர். இவற்றோடு செய்தியின் தலைப்பு, எழுதியவர் பெயர் தெரிந்தால் அது, எந்த மின்காப்பகத்தில் பார்த்தோம் என்ற விவரம், லிங்க் எல்லாம் சேரும். லிங்க் கொடுத்துவிட்டால் போதாதா என்று புதிதாக எழுத வருகிற எல்லோரும் கேட்பார்கள். போதாது. கூகுள் பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றும் வேலையை 2011இலேயே நிறுத்திவிட்டது. ஏற்றியவற்றில் சில இதழ்கள் பிறகு காணாமலும் போயின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் செய்தித்தாள் தளமும் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு மாறிவிட்டது. லிங்க் செத்தாலும் பெயர், பதிப்பு, தேதி, பக்கம் நான்கும் இருந்தால் இன்னொரு நூலகத்தில் மைக்ரோஃபிலிம் சுருளிலோ பைண்ட் செய்த தொகுதியிலோ அதே செய்தியைக் கண்டுபிடித்துவிடலாம்.

வேலூரையே எடுத்துக்கொண்டு ஒரு குறிப்பை முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம்.

1806 ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் கலகம் வெடித்தபோது, படைத் தலைவராக இருந்த கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அமீலியா குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பினார். தான் கண்டதைச் சுமார் இரண்டு வாரம் கழித்து எழுதியும் வைத்தார். அந்த விவரம் ஒரு செய்தித்தாளில் வந்திருக்கிறது. சென்னைப் பேப்பரிலோ லண்டன் பேப்பரிலோ தேட வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் இணையத்தில் காசில்லாமல் சுலபமாகக் கிடைப்பது ஆஸ்திரேலியாவில். அந்நாட்டுத் தேசிய நூலகம் நடத்தும் ட்ரோவ் என்ற மின்காப்பகத்தில், சிட்னியிலிருந்து வந்த ஒரு கெஜட்டின் 1842ஆம் ஆண்டு இதழில் அது இருக்கிறது. அந்தக் காலத்துப் பேப்பர்கள் கப்பலில் வந்த வெளியூர்ப் பேப்பர்களிலிருந்து விஷயங்களை எடுத்து மறுபடி அச்சிடுவது வழக்கம். வேலூர்ச் செய்தியைத் தேடுகிறவர்கள் சென்னையோடு நின்றுவிடாமல் சிட்னி, சிங்கப்பூர், லண்டன் என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ட்ரோவில் `"mutiny at vellore"` என்று மேற்கோள்குறியோடு தேடி, ஆண்டை 1842 என்று சுருக்கினால் எளிதாகும். கிடைக்கவில்லை என்றால் உடனே விட்டுவிட வேண்டாம். தேடல் நடப்பது படத்தில் அல்ல, படத்தைப் பார்த்துக் கணினி படித்துவைத்த எழுத்தில். மங்கிய அச்சில் n என்பதை u என்று அது படித்திருந்தால் ஃபேன்கோர்ட் என்ற பெயரை எத்தனை முறை தட்டினாலும் வராது. பெயரை விட்டுவிட்டு `vellore` என்ற ஒற்றைச் சொல்லோடு ஆண்டை மட்டும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். மேற்கோள் எடுக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும். பக்கத்தில் ஓடும் கணினி எழுத்திலிருந்து நகலெடுத்து ஒட்டக் கூடாது. படத்தைப் பெரிதாக்கி, அச்சில் இருப்பதைப் படித்துத்தான் எழுத வேண்டும்.

குறிப்பு இப்படி அமையும்:

```
[Fancourt, Amelia.] "An Account of the Mutiny at Vellore,
by the Lady of Sir John Fancourt, the Commandant, who was
killed there July 9th, 1806." The Sydney Gazette and
New South Wales Advertiser (Sydney), 14 June 1842, p. __.
Trove, National Library of Australia.
```

தமிழ்க் கட்டுரையின் அடிக்குறிப்பில் இதையே "[அமீலியா ஃபேன்கோர்ட்], வேலூர்க் கலகம் பற்றிய விவரம், சிட்னி கெஜட் அண்ட் நியூ சவுத் வேல்ஸ் அட்வர்டைசர், சிட்னி, 14 ஜூன் 1842, ப. __, ட்ரோவ் மின்காப்பகம்" என்று எழுதலாம். அப்படி எழுதினாலும் ஆங்கிலத் தலைப்பையும் இதழின் ஆங்கிலப் பெயரையும் ஓரிடத்தில் உள்ளபடியே கொடுத்துவிடுவது நல்லது. தமிழ் எழுத்தில் மட்டும் கொடுத்தால் தேடுகிறவர் எந்த எழுத்துக்கூட்டலில் தட்டுவது என்று திண்டாடுவார்.

பக்க எண்ணின் இடத்தை வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருக்கிறேன். திறந்து பார்த்து நீங்களே நிரப்புங்கள். இன்னொருவர் குறிப்பிலிருந்து பக்க எண்ணைத் தூக்கி நம் குறிப்பில் வைப்பதுதான் தவறுகள் தலைமுறை தலைமுறையாகப் பரவும் வழி. நான் கொடுத்த தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். அதைச் சோதிக்கும் வழி கீழே வருகிறது.

இனி தேதிக்கு வருவோம். ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. மேலே உள்ள ஒரே குறிப்புக்குள் எத்தனை நாட்கள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். கலகம் நடந்தது 1806 ஜூலை 10. தலைப்பு சொல்வது ஜூலை 9. அமீலியா எழுதியது அதே மாதக் கடைசியை ஒட்டி. சிட்னியில் அச்சானது 1842 ஜூன் 14. மேற்கோளில் தேதி என்று நாம் எழுதுவது கடைசியில் உள்ளதை மட்டும்தான், அதாவது இதழின் முகப்பில் அச்சாகியிருக்கும் வெளியீட்டுத் தேதியை. மற்ற நாட்களைச் சொல்ல வேண்டுமானால் கட்டுரையின் உடலில் சொல்லிக்கொள்ளலாம்.

இதைக் கலந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தத் தலைப்பில் 1806 என்று இருப்பதைப் பார்த்து "1806ஆம் ஆண்டுப் பத்திரிகைச் செய்தி" என்று ஒருவர் எழுதிவிடுவார். உண்மையில் அது சம்பவம் நடந்து முப்பத்தாறு ஆண்டு கழித்து, வேறொரு கண்டத்தில் அச்சானது. எழுதியவர் நேரில் கண்ட சாட்சிதான். ஆனால் கையெழுத்துக்கும் அந்த அச்சுக்கும் நடுவே எத்தனை கைகள் மாறியதோ, யார் எதைச் சுருக்கினார்களோ. கண்ணால் கண்டவர் வாக்கு என்பதும், அன்றைக்கே வந்த செய்தி என்பதும் வெவ்வேறு தரமுள்ள ஆதாரங்கள். தேதியை ஒழுங்காகப் போட்டால் எது எது என்று வாசகருக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

ஜூலை 9 என்று தலைப்பில் இருப்பதைத் திருத்தலாமா? கூடாது. ஒன்பதாம் தேதி இரவு படுத்து, விடிவதற்குள் நடந்த சம்பவம் என்பதால் அப்படி எழுதியிருக்கலாம். காரணம் எதுவானாலும் தலைப்பை அச்சில் உள்ளபடிதான் கொடுக்க வேண்டும். கொல்லப்பட்ட கர்னலின் பெயர் செயின்ட் ஜான் ஃபேன்கோர்ட். தலைப்பில் சர் ஜான் என்று இருக்கிறது. அதையும் தொடக் கூடாது. தொட்டால், அந்தத் தலைப்பை வைத்துத் தேடுகிறவருக்கு அசல் கிடைக்காமல் போகும். நாமாகச் சேர்க்கும் எதையும் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பது வழக்கம். தலைப்பில் "ஃபேன்கோர்ட்டின் மனைவி" என்றுதான் இருக்கிறது, அமீலியா என்ற பெயர் இல்லை. அதனால்தான் அந்தப் பெயரை மேலே சதுர அடைப்புக்குள் போட்டேன்.

தேதியைச் சோதிக்க எளிய வழி கிழமை. 1842 ஜூன் 14 செவ்வாய்க்கிழமை. எந்த நிரந்தர நாட்காட்டியில் போட்டுப் பார்த்தாலும் இதுதான் வரும். இதழின் முகப்பில் அச்சாகியிருக்கும் கிழமையோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் இரண்டில் ஒன்று. காப்பகத்தார் இதழை வேறு தேதியில் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது அச்சுக்கோத்தவர் முந்தைய இதழின் முகப்பில் தேதியை மாற்றி, கிழமையை மாற்ற மறந்திருக்க வேண்டும். இரண்டுமே நடப்பவைதான். முந்தைய இதழையும் அடுத்த இதழையும் திறந்து பார்த்தால் எது என்று விளங்கிவிடும். அதனால் செய்தியை மட்டும் பார்த்துவிட்டுத் தளத்தை மூடாமல், அந்த இதழின் முதல் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஆங்கிலப் பேப்பர்களில் இன்னொரு கண்ணி உண்டு. செய்தியின் உள்ளே `10th inst.` என்று இருந்தால் இந்த மாதம் பத்தாம் தேதி. `10th ult.` என்று இருந்தால் போன மாதம் பத்தாம் தேதி. செப்டம்பர் 3 தேதியிட்ட பேப்பரில் "Vellore, 28th ult." என்று ஒரு செய்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பவம் அல்லது கடிதம் ஆகஸ்ட் 28, வெளியீடு செப்டம்பர் 3. மேற்கோளில் செப்டம்பர் 3தான் போகும். இதுவே சென்னைப் பேப்பரிலிருந்து லண்டன் பேப்பர் எடுத்துப் போட்ட செய்தியாக இருந்தால் சிக்கல் கூடும். அங்கே "போன மாதம்" என்பது சென்னைப் பேப்பரின் கணக்கில் போன மாதம். லண்டன் பேப்பரின் தேதியிலிருந்து எண்ணினால் பல மாதம் தள்ளிப்போகும்.

அடுத்து பக்கம். "ஏழாம் பக்கம்" என்று சொல்லும்போது இரண்டு வேறு எண்கள் குழம்பும். ஒன்று தாளின் மூலையில் அச்சாகியிருக்கும் எண். மற்றது ஸ்கேன் செய்த படங்களில் அது எத்தனையாவது படம் என்பது. மேற்கோளுக்கு வேண்டியது முதலாவது. பல தளங்கள் காட்டுவது இரண்டாவது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய முகவரி இந்த அமைப்பில் இருக்கும்:

```
/lccn/sn83030214/1899-12-31/ed-1/seq-10/
```

முதலில் வருவது இதழின் அட்டவணை எண், பிறகு தேதி, பிறகு அந்தத் தேதியில் எத்தனையாவது பதிப்பு, கடைசியில் எத்தனையாவது படம். `seq-10` என்பது பத்தாவது படம். அந்த இதழ் எட்டுப் பக்கமும், தனியாக ஒன்றிலிருந்து எண் தொடங்கும் நான்கு பக்க இணைப்பும் கொண்டதென்றால் பத்தாவது படம் இணைப்பின் இரண்டாம் பக்கம். அப்போது குறிப்பில் "ப. 10" என்று எழுதினால் தவறு. "இணைப்பு, ப. 2" என்றுதான் எழுத வேண்டும். இடையில் தாள் தொலைந்திருந்தால் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். மூன்று, நான்காம் பக்கங்கள் இல்லாமல் ஸ்கேன் செய்திருந்தால் ஐந்தாவது படம் ஏழாம் பக்கமாக இருக்கும்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் காப்பகம் தமிழர்களுக்கு ரொம்ப உபயோகமானது. தமிழ் முரசு உட்படப் பழைய இதழ்கள் அங்கே உண்டு, தமிழ்நாட்டுச் செய்திகளும் நிறைய. அங்கே ஒரு செய்தியின் அடையாளம் இப்படி இருக்கும்:

```
straitstimesYYYYMMDD-1.2.45
```

நடுவில் இருக்கும் 2 என்பதைப் பார்த்து "இரண்டாம் பக்கம்" என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது பக்கம் அல்ல. "இது ஒரு தனிச் செய்தி" என்று மென்பொருள் தனக்காக வைத்துக்கொண்ட குறி. எந்தப் பக்கத்துச் செய்தியானாலும் அந்த இடத்தில் 2தான் நிற்கும். 45 என்பது அந்த இதழில் எத்தனையாவது செய்தி என்பது. பக்க எண்ணைச் செய்தியின் தலைப்பருகே தனியாகக் காட்டுவார்கள், அங்கிருந்து எடுக்க வேண்டும்.

ஆர்க்கைவ்.ஆர்க் தளத்தில் பைண்ட் தொகுதிகளாக ஏறியிருக்கும் தமிழ் மாத இதழ்களைப் பார்க்கும்போது முகவரியில் `page/n15` என்று வந்தால் அந்த `n` படக் கணக்கைக் குறிக்கிறது. அட்டை, வெற்றுத்தாள், நூலக முத்திரைத் தாள் எல்லாம் அதில் எண்ணப்பட்டிருக்கும். `n` இல்லாமல் `page/15` என்றிருந்தால் தளம் அதை அச்சுப் பக்க எண்ணாகக் கருதுகிறது. அப்போதும் தாளின் மூலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தாளில் எண்ணே அச்சாகவில்லை என்றால்? நாலு பக்கப் பேப்பர்களில் அது சகஜம். முதல் பக்கத்திலிருந்து எண்ணி "ப. [2]" என்று சதுர அடைப்பில் போடலாம். எண்ணவும் முடியாதபடி தாள்கள் கலைந்திருந்தால் "படம் 6" என்று வெளிப்படையாகவே எழுதிவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பெரிய தாளில் பொடி எழுத்தில் ஐந்தாறு நெடும்பத்திகள் இருக்கும் பேப்பர்களுக்கு "ப. 3, பத்தி 4" என்று இடமிருந்து எண்ணிச் சேர்த்தால், பின்னால் தேடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

இனி பதிப்பு. இங்கேதான் வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் வேலை இருக்கிறது.

இன்றைய நிலைமையை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். தினத்தந்திக்கும் தினமலருக்கும் வேலூர்ப் பதிப்பு உண்டு. ஒரே தேதியிட்ட இதழை வேலூர் அண்ணா சாலைப் பெட்டிக்கடையில் வாங்கியவரும், சென்னையில் இருக்கும் அவருடைய அண்ணனும் விரித்து வைத்தால் பாதிப் பக்கங்கள் வேறாக இருக்கும். காட்பாடிச் செய்தி இங்கே மூன்றாம் பக்கத்தில் பெரிதாக வந்திருக்கும், அங்கே வந்தே இருக்காது. "தினத்தந்தி, இன்ன தேதி, ப. 3" என்று மட்டும் எழுதினால் சென்னைப் பதிப்பைப் புரட்டுகிறவர் "அப்படி ஒரு செய்தியே இல்லையே" என்பார். அவர் சொல்வதும் சரி, எழுதியவர் சொல்வதும் சரி. இடையில் "வேலூர்ப் பதிப்பு" என்ற ஒரு சொல் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

வேலூரில் அச்சடிக்காத காலத்திலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருந்தது. சென்னைப் பேப்பர்கள் வெளியூருக்கு ரயிலில் போக வேண்டும். காட்பாடிக்கும் அதற்கு அப்பாலும் போகிற கட்டுகள் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் அச்சை முன்கூட்டியே முடிக்க வேண்டும். இப்படி வெளியூருக்கென்று முன்னதாக அடித்தது டாக் பதிப்பு. நகரத்துக்கென்று பிந்தி அடித்தது நகரப் பதிப்பு. இரண்டுக்கும் நடுவே வந்த தந்திச் செய்திகள் நகரப் பதிப்பில் மட்டும் ஏறும், இடம் பண்ணுவதற்காக வேறொரு செய்தி சுருங்கும் அல்லது பக்கம் மாறும். வெளியூர் வாசகருக்கு அந்தத் தந்திச் செய்தி அடுத்த நாள்தான் கிடைக்கும். ஆகவே ஒரே செய்திக்கு இரண்டு நூல்கள் இரண்டு தேதி, இரண்டு பக்க எண் கொடுத்திருந்தால் ஒன்று தப்பு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இருவரும் வெவ்வேறு பதிப்பைப் பார்த்திருக்கலாம். தாத்தா வீட்டுப் பெட்டியில் கிடைத்த கட்டிங்கை மின்காப்பகத்தில் தேடிக் கிடைக்காவிட்டாலும் இதுவே காரணமாக இருக்கலாம். நூலகத்தார் படமெடுத்தது பெரும்பாலும் தங்கள் கைக்கு வந்த ஏதோ ஒரு பதிப்பை மட்டும்தான். தாத்தா படித்தது அதுவாக இருக்க வேண்டியதில்லை.

பதிப்பின் பெயர் எங்கே இருக்கும்? முகப்பில் இதழின் பெயருக்கு அருகிலோ, தேதி வரியின் ஓரத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும். சில இதழ்கள் பெயரே போடாமல் நட்சத்திரக் குறிகளை வைத்துப் பதிப்பைப் பிரித்தன. ஒரு நட்சத்திரம் ஒரு பதிப்பு, இரண்டு நட்சத்திரம் இன்னொன்று. எதைக் கண்டாலும் கண்டபடி எழுதுங்கள். தளத்தின் முகவரியில் `ed-1` என்றிருப்பதை "முதல் பதிப்பு" என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். அது நூலகம் அந்தத் தேதிக்குக் கிடைத்த இதழ்களை அடுக்கிய வரிசை எண். அன்றைக்கு ஒரே இதழ்தான் அவர்களிடம் இருந்தாலும் அது `ed-1` ஆகத்தான் இருக்கும். முகப்பில் பதிப்புக் குறி எதுவும் இல்லை, அந்த இதழுக்குப் பல பதிப்புகள் இருந்ததாகவும் தெரியவில்லை என்றால் அந்த இடத்தையே விட்டுவிடலாம். மேலே சிட்னி கெஜட்டுக்கு நான் பதிப்பு எழுதாமல் விட்டதும் அதனால்தான்.

இதழின் பெயரோடு ஊரைச் சேர்ப்பதும் இதை ஒட்டிய விஷயம். உலகில் கெஜட், மெயில், டைம்ஸ் என்ற பெயர்களுக்குப் பஞ்சமில்லை. வெறுமனே "மெயில்" என்று எழுதினால் சென்னையில் 1868இல் தொடங்கிய மெட்ராஸ் மெயிலா, வேறு ஊர் மெயிலா என்று எப்படித் தெரியும்? தொடங்கிய காலத்திலிருந்து இதழின் வடிவம் மாறியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். சுதேசமித்திரன் 1882இல் வார இதழாக வந்தது, 1899இல்தான் நாளிதழானது. இந்து 1878இல் வார இதழாகத் தொடங்கி, பிறகு வாரம் மும்முறை, 1889இலிருந்து நாளிதழ். 1885 சுதேசமித்திரனுக்கு யாராவது அடுத்தடுத்த இரண்டு நாட்களின் தேதியைக் கொடுத்திருந்தால் அந்தக் குறிப்பை நம்பும் முன் யோசிக்க வேண்டும்.

நம் மாவட்டத்தின் பெயரும் எல்லையும் மாறியபடியே இருந்ததால் தேடும்போது அதுவும் குறுக்கே வரும். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத் தலைமையிடம் சித்தூர். அதனால் பழைய பேப்பரில் வேலூர்ச் செய்தி "சித்தூர்" என்ற ஊர்வரியின் கீழ் வந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தமிழில் வட ஆற்காடு, வடார்க்காடு, வடஆர்க்காடு என்று மூன்று விதமாகவும் தேடிப் பாருங்கள். கிடைத்த செய்தியை எழுதும்போது மட்டும் அன்றைக்கு அச்சான பெயரையே வையுங்கள்.

தமிழ் வார, மாத இதழ்களுக்கு வந்தால் தேதியே வேறு கணக்கு. முகப்பில் "பிரபவ வருஷம் ஆவணி மாதம் 15" என்று மட்டும் இருக்கும், கூடவே மலர், இதழ் என்றோ தொகுதி, பகுதி என்றோ எண்கள். அறுபது ஆண்டுச் சுற்றில் பிரபவ 1867 ஏப்ரல் நடுவில் ஒருமுறை தொடங்கியது, 1927இல் மறுபடி, 1987இல் மறுபடி. எந்தச் சுற்று என்பதை இதழின் ஆயுளை வைத்து முடிவுசெய்ய வேண்டும். 1920களில் தொடங்கிய ஓர் இதழ் என்று வைத்துக்கொண்டால் 1867 கழிந்துவிடும், காகிதமும் எழுத்துருவும் 1987ஐக் கழித்துவிடும், மிஞ்சுவது 1927. ஆவணி ஆகஸ்ட் 17 வாக்கில் பிறக்கிறது. ஆகவே ஆவணி 15 என்பது ஆகஸ்ட் 31ஐ ஒட்டி வரும். மாதப் பிறப்பு பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் நாம் மாற்றிய தேதியை முக்கியத் தேதியாகக் காட்டக் கூடாது. "பிரபவ ஆவணி 15 [1927 ஆகஸ்ட் 31 வாக்கில்]" என்று எழுதினால் அச்சில் இருந்தது எது, நாம் கணக்கிட்டது எது என்று பிரிந்து தெரியும். முகப்பில் ஆங்கிலத் தேதியும் இருந்தால் கணக்கே வேண்டாம், அதை எழுதிவிடலாம்.

தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். பிரபவ வருஷம் தை என்பது 1927 அல்ல, 1928. வருஷப் பெயரைப் பார்த்ததும் ஓர் ஆங்கில ஆண்டைத் தலையில் ஒட்டிவிடுகிற பழக்கத்தால் இந்த மூன்று மாதத்து இதழ்களெல்லாம் ஓர் ஆண்டு முன்னால் போய்விடுகின்றன. நூலக அட்டவணைகளிலேயே இந்தப் பிசகைப் பார்க்கலாம். எனவே தளத்தில் "1927" என்று போட்டிருந்தாலும் முகப்பைப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மாத இதழ்கள் பலவற்றில் பக்க எண் ஓர் இதழோடு முடியாமல் ஆண்டு முழுக்கத் தொடர்ந்து ஓடும். ஆடி இதழ் 160இல் முடிந்தால் ஆவணி இதழ் 161இல் தொடங்கும். அச்சில் 173 என்று இருந்தால் 173 என்றே எழுதுங்கள். "ஆவணி இதழில் பதின்மூன்றாம் பக்கம்" என்று நாமாக எண்ணிப் போட்டால், பைண்ட் தொகுதியைப் புரட்டுகிறவர் சித்திரை இதழில் போய் நிற்பார். தொகுதி எண்ணும் இதழ் எண்ணும் சேர்ந்திருந்தால் தேதியில் சின்னப் பிழை இருந்தாலும் இடம் தப்பாது: "தொகுதி 3, பகுதி 5, பிரபவ ஆவணி, ப. 173".

கடைசியாக ஒரு கேள்வி அடிக்கடி வரும். 1927இல் காந்தி தமிழகச் சுற்றுப்பயணத்தில் வேலூரிலும் பேசினார். அந்தப் பேச்சை அவருடைய ஆங்கிலத் தொகுப்பு நூலில் படிக்கிறோம். அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், அது எடுக்கப்பட்ட இதழின் பெயரும் தேதியும் இருக்கும், பக்க எண் இருக்காது. அங்கே இந்து என்று இருந்தால், அதை வைத்து இந்துவை மேற்கோள் காட்டலாமா? இந்துவின் அந்த நாள் இதழை நீங்கள் திறந்து பார்த்திருந்தால் காட்டலாம், பக்க எண்ணோடு. பார்க்கவில்லை என்றால் தொகுப்பு நூலின் தொகுதி எண்ணையும் பக்கத்தையும் கொடுத்து, "இந்து இதழிலிருந்து எடுக்கப்பட்டதாக அந்நூல் கூறுகிறது" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மின்காப்பகத்துக்கும் இதே விதிதான். கணினித் திரையில் ட்ரோவில் பார்த்ததை "சிட்னி நூலகத்தில் பார்த்தேன்" என்ற தோரணையில் எழுத வேண்டியதில்லை. காப்பகத்தின் பெயரையும், அவர்கள் கொடுக்கும் நிலையான முகவரியையும், பார்த்த நாளையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள். ட்ரோவில் நிலையான முகவரி `nla.gov.au/nla.news-article` என்று தொடங்கி ஓர் எண்ணில் முடியும். பிரவுசரின் மேல்பட்டையிலிருந்து நகலெடுத்தால் உங்கள் தேடல் சொற்கள் எல்லாம் வாலாக ஒட்டிக்கொண்டு வரும். அதனால் செய்தியின் அருகே உள்ள மேற்கோள் பொத்தானை அழுத்தி அங்கிருந்து எடுங்கள். அந்தப் பொத்தான் முழுக் குறிப்பையும் தயாராகக் கொடுக்கும்தான், ஆனால் அதில் உள்ள தலைப்பு கணினி படித்த தலைப்பு. எழுத்துப் பிழைகளையும் அறுந்துபோன சொற்களையும் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்ட பிறகே அடிக்குறிப்பில் வையுங்கள்.